லிஃப்ட் பற்றிக் கேட்க ஓர் ஆள்

பெங்களூரில் எங்காவது ஒரு லிஃப்ட் மக்கர் பண்ணினால், மறுநாள் பத்திரிகையில் அதன் கயிறு அறுந்திருக்கும். உண்மையில் அறுந்ததா என்று யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். லிஃப்டைத் தாங்குவது ஒற்றைக் கயிறு அல்ல, பல எஃகுக் கயிறுகள். அத்தனையும் அறுந்தாலும், வேகம் எல்லை மீறியதும் பக்கத்துத் தண்டவாளங்களைக் கவ்விப் பிடித்துக்கொள்ள ஓர் ஏற்பாடு இருக்கிறது. பிரேக் பழுதானால் கூட, ஆள் குறைவாக இருக்கும் லிஃப்ட் கீழே விழாது, மேலே ஏறும். எதிர்ப்பக்கம் தொங்கும் எடை அதைவிடக் கனம். காலையில் காபியோடு உட்கார்ந்து இதையெல்லாம் பத்திரிகையைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வது என் வழக்கமாக இருந்தது. கேட்பதற்கு என் கணவர் மட்டும் இருந்தார். அவருக்கு எல்லாம் மனப்பாடம்.

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவள். அப்பா சுரங்கக் கூண்டில் இறங்கி ஏறியவர். கூண்டைத் தாங்கும் கயிறு பற்றி வீட்டில் யாரும் விளையாட்டாகப் பேச மாட்டோம். பெங்களூருக்கு வந்து ஒரு லிஃப்ட் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியராகப் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, என்னோடு அங்கே டெக்னீஷியனாக இருந்த ஒருவரைப் பார்ட்னராகச் சேர்த்துக்கொண்டு சொந்தமாகத் தொழில் ஆரம்பித்தேன். லிஃப்ட் விற்பதில்லை, ரிப்பேர் செய்வதில்லை. மற்றவர்கள் மாட்டிய லிஃப்டைப் பரிசோதித்து, எது சரி எது சரியில்லை என்று சொல்வது மட்டும்தான் எங்கள் வேலை. விற்கிறவனிடமே போய் சரக்கு நல்லதா என்று கேட்டுக்கொண்டிருந்த ஊரில் இது ரொம்ப அவசியமான தொழில் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. ஊருக்குத்தான் அப்படி ஒரு தொழில் இருப்பதே தெரியவில்லை.

விளம்பரம் கொடுத்துப் பார்த்தோம். அபார்ட்மெண்ட்காரர்கள் அதை வருடாந்திரப் பராமரிப்புக்கு ஆள் பிடிக்கும் இன்னொரு ஏ.எம்.சி. கம்பெனியின் நோட்டீஸ் என்று நினைத்து விட்டுவிட்டார்கள். ஆனால் ஒரு செய்திக்கு நடுவில், "லிஃப்ட் பாதுகாப்பு நிபுணர் கூறுகிறார்" என்று ஒரு பெயர் வந்தால் அதை யாரும் நோட்டீஸ் என்று நினைப்பதில்லை. அசோசியேஷன் செயலாளர் அதை வெட்டி வாட்ஸ்ஆப் குழுவில் போடுவார். அந்தப் பெயர் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். இந்த நகரத்தில் எந்த நிருபருக்கு லிஃப்ட் பற்றிச் சந்தேகம் வந்தாலும் முதலில் என் போன்தான் அடிக்க வேண்டும். எங்கள் சின்னத் தொழில் பிழைப்பதும் படுப்பதும் அதைப் பொறுத்தது என்று பார்ட்னரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

முதலில் நான் அனுப்பிய மெயிலை இப்போது படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. கிடைத்த அத்தனை பத்திரிகை முகவரிகளையும் ஒரே வரியில் போட்டு, எல்லோருக்கும் எல்லோரும் தெரியும்படி அனுப்பியிருந்தேன். நான் எங்கே படித்தேன், என்னென்ன பயிற்சி பெற்றேன், எங்கள் நிறுவனத்தின் லட்சியம் என்ன என்று நீட்டி முழக்கி, கடைசியில் கலர் கலராக ஒரு பிரோஷரையும் இணைத்திருந்தேன். ஒருவரும் பதில் போடவில்லை. ஒரே ஒரு பிளாக்கர் மட்டும் போட்டார். இத்தனை ரூபாய் கொடுத்தால் உங்களைப் பற்றி எழுதுகிறேன் என்றார். அது விளம்பரம், எனக்கு வேண்டியது அது இல்லை என்று பதில் எழுதிவிட்டேன்.

பிறகுதான் உட்கார்ந்து பத்திரிகைகளை வேறு மாதிரிப் படிக்க ஆரம்பித்தேன். செய்தியை இல்லை, செய்திக்கு மேலே இருக்கும் பெயரை. அபார்ட்மெண்ட் விவகாரங்களை யார் எழுதுகிறார்கள், யார் விபத்து நடந்த அன்றே எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள், யார் ஒரு வாரம் கழித்துத் திரும்பிப் போய்க் கேட்கிறார்கள் என்று பார்த்தேன். இப்படிப் பார்த்ததில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் பெண் நிருபர் தேறினார். தண்ணீர் டேங்கர், பராமரிப்புக் கட்டணம், பார்க்கிங் சண்டை எல்லாம் அவர் கையில்தான் இருந்தது. அவருக்கு மட்டும், அவர் எழுதிய ஒரு செய்தி வந்த அன்று காலையிலேயே, ஒரு சின்ன மெயில் அனுப்பினேன்.

"ஆட்கள் அடிபடுவது பெரும்பாலும் லிஃப்ட் விழுவதால் இல்லை. பாதியில் நின்ற லிஃப்டிலிருந்து அவசரப்பட்டு இறங்கப் போவதால்தான். உள்ளே இருப்பதுதான் பத்திரம். கதவைத் திறந்து வெளியே குதிப்பதுதான் ஆபத்து. இதை என் பெயரில் அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம்." இதற்குக் கீழே, நான் எதைப் பற்றிப் பேச முடியும், எதைப் பற்றிப் பேசத் தெரியாது, முன்பு எந்தக் கம்பெனியில் சம்பளம் வாங்கினேன், தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் பேசுவேன், போனை உடனே எடுப்பேன் என்று நான்கு வரி. பிரோஷர் கிடையாது. அன்று மாலையே பதில் வந்தது. "இன்னைக்கு ஸ்டோரி முடிஞ்சுது. நம்பர் சேவ் பண்ணிக்கிறேன்" என்று இரண்டே வாக்கியம். அதைப் பார்ட்னரிடம் காட்டியபோது லாட்டரி விழுந்தவள் போல நடந்துகொண்டேன்.

அதற்கிடையில் ஒயிட்ஃபீல்டில் இருந்து அடுக்குமாடி வாழ்க்கை பற்றி பிளாக் எழுதும் ஒரு பெண்மணி என்னைக் கேள்வி கேட்டுப் பதில் வாங்கிப் போட்டார். "லிஃப்ட் விழுமா?" என்பதுதான் தலைப்பு. எந்த பிராண்ட் நல்லது என்றும் ஒரு கேள்வி வைத்திருந்தார். அதற்கு நான் பதில் சொல்லக் கூடாது, நான் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவள் என்பதையும் நீங்கள் போட வேண்டும் என்றேன். "அதெல்லாம் யாரு பாக்கப் போறாங்க?" என்றார். "யாராவது ஒருத்தர் பாத்தா போதும், நான் காலி" என்றேன். போட்டார். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு இரண்டு அசோசியேஷன்கள் கூப்பிட்டன. அதில் ஒன்று ஒயிட்ஃபீல்டிலேயே இருந்த ஒரு பெரிய குடியிருப்பு. அங்கே போய் எல்லா லிஃப்டுகளையும் சோதித்தோம்.

அந்த நிருபரும் நடுநடுவே கூப்பிட ஆரம்பித்தார். பெயர் போடுவதற்காக இல்லை, விஷயம் புரிந்துகொள்வதற்காக. அதற்கு அவர்கள் 'பேக்ரவுண்ட்' என்பார்கள். லைசென்ஸ் யார் கொடுக்கிறார்கள், ஏ.எம்.சி. என்றால் எதெல்லாம் அடங்கும், கரண்ட் போனால் லிஃப்டைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய் நிறுத்தும் பேட்டரியை எத்தனை நாளுக்கொரு முறை பார்க்க வேண்டும் என்றெல்லாம் கேட்பார். எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்னேன். அப்படிச் சொன்ன அன்றெல்லாம் அவர் குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது. வெளியே போகக் கூடாத விஷயமென்றால் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், சொன்ன பிறகு "இதைப் போடாதீங்க" என்று கெஞ்சக் கூடாது என்று அவர்தான் எனக்குப் புரிய வைத்தார். செய்தியை அச்சுக்குப் போகும் முன் காட்டச் சொல்லிக் கேட்கும் வேலையும் கூடாது. நான் சொன்ன வாக்கியத்தை மட்டும் திருப்பிப் படித்துக் காட்டுவார், அதில் தப்பிருந்தால் திருத்தலாம்.

ஒருமுறை அவருக்கு நான் எழுதினேன். எந்த லிஃப்ட் விபத்துக்குப் போனாலும் இதை மட்டும் கேளுங்கள்: கடைசியாக வெளியாள் யாராவது வந்து சோதித்தார்களா, அவர் சொன்னது குடியிருப்பவர்களுக்குத் தெரியுமா, வெளிக்கதவைத் திறக்கும் முக்கோணச் சாவி யார் கையில் இருக்கிறது, அவருக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள். இதைக் கேட்டால் கயிற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம் என்று எழுதியிருந்தேன். அவர் பதிலுக்கு ஒரு கட்டைவிரலை அனுப்பினார்.

இவ்வளவும் நடந்து, என் பெயர் அந்தப் பத்திரிகையில் ஒருமுறை கூட வரவில்லை. ஒருமுறை வந்திருக்க வேண்டியது, இடம் போதவில்லை என்று அந்தப் பத்தியை வெட்டிவிட்டார்கள். வரும், எங்கே போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பார்ட்னரிடமும் சொன்னேன். அவர் இந்த முறை தலையாட்டவில்லை.

அந்த போன் வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையின் மொட்டை மாடியில், சரக்கு லிஃப்டின் மோட்டார் அறைக்குள் இருந்தோம். மோட்டாரை நிறுத்திவிட்டு பிரேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் கிரீஸ். பார்ட்னர்தான் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு என் பக்கம் நீட்டினார்.

"மேடம், ஒயிட்ஃபீல்ட்ல நேத்து ஒரு ஆக்சிடென்ட்" என்றார் நிருபர். "கரண்ட் போயி லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சு. செக்யூரிட்டி சாவி போட்டுக் கதவைத் திறந்துட்டாரு. உள்ள இருந்தவங்க ஒரு டியூஷன் டீச்சர், வெளிய இருந்து வந்து பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவங்க. உக்காந்து சறுக்கி இறங்கப் பாத்திருக்காங்க. கால் லிஃப்டுக்கு அடியில இருக்கிற சந்துல போயிடுச்சு. செக்யூரிட்டி கையைப் பிடிச்சு இழுத்திருக்கலைன்னா கிணறு மாதிரி நேரா கீழதான். கால் எலும்பு முறிஞ்சிருக்கு. வீடியோ எல்லா குரூப்லயும் ஓடுது. இந்த வாட்டி லீட் ஸ்டோரி மேடம். உங்க போட்டோ வேணும், பேர் வேணும், நல்லா ரெண்டு பத்தி வேணும். சாயங்காலத்துக்குள்ள குடுக்கணும்."

பார்ட்னர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். எந்த அபார்ட்மெண்ட் என்று கேட்டேன். அவர் பெயரைச் சொன்னார். சிரிப்பு அங்கேயே நின்றது.

நாங்கள் சோதித்த குடியிருப்புதான் அது. பேட்டரி செத்துக் கிடக்கிறது என்றும், முக்கோணச் சாவியைச் செக்யூரிட்டி மேசையில் ஆணியில் மாட்டி வைக்கக் கூடாது என்றும் அவர்களுடைய கமிட்டி அறையில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே, செயலாளரின் கண்ணைப் பார்த்துச் சொன்னவள் நான். பார்க்கிறோம் மேடம் என்றார்கள். பார்க்கவில்லை. இப்போது என்னால் வாயைத் திறக்க முடியாது. ஒரு கட்டடத்துக்குள் கண்டதை வெளியே சொல்ல மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் நாங்கள் எந்தக் கட்டடத்துக்குள்ளும் நுழைகிறோம். அதை மீறினால் நாளை ஒருவரும் எனக்கு மோட்டார் அறையைத் திறந்துவிட மாட்டார்கள். மீறாமல், எதுவும் தெரியாதவள் போல வெளியாளாக நின்று பொதுவாகப் பேசினால், அது நிருபரை ஏமாற்றுவது.

"நான் இதுல பேச முடியாதும்மா" என்றேன். "எனக்கும் அந்த பில்டிங்குக்கும் தொழில் சம்பந்தம் இருக்கு. என்னை வெளியாளா காட்டி நீங்க போட்டா, நாளைக்கு உங்களுக்குத்தான் கெட்ட பேரு. என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க."

"சரி, கேக்கல" என்றார். "ஆனா நான் இப்ப எங்க போறது? மணி ஆகுது."

ஜெயநகரில் எங்களைப் போலவே சோதனைத் தொழில் செய்யும் ஒரு பெரியவர் இருந்தார். எங்களுக்கு ஒரே போட்டி அவர்தான். நாங்கள் விலை சொன்ன இடத்திலெல்லாம் அவரும் விலை சொல்வார். கொஞ்சம் தலைக்கனம் உண்டு, ஆனால் வேலை சுத்தம். அவருடைய நம்பரை நானே சொன்னேன். பார்ட்னர் கையில் இருந்த ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டார்.

"அந்த வீடியோ எல்லாரும் பாக்குறதுதானே, அதுல இருக்கிறதா நீங்க இப்ப சொன்னதை வெச்சு மட்டும் சொல்றேன்" என்றேன் நிருபரிடம். "ஒரு செக்யூரிட்டி சாவி போட்டுத் திறக்கிறாரு. அவரைப் பத்தி எழுதறதுக்கு முன்னாடி, நான் உங்களுக்கு எழுதின கேள்விங்களை எடுத்து அசோசியேஷனைக் கேளுங்க. அதே கேள்வியை அந்தப் பெரியவரையும் கேளுங்க."

போனை வைத்ததும் பார்ட்னர் ஆரம்பித்தார். அவர் என்னைவிட இளையவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். "ரெண்டு வருஷமா வலை போட்டுட்டு உக்காந்திருந்தோம் அக்கா. மீன் வந்துச்சு. நீங்களே புடிச்சுப் பக்கத்து படகுல போட்டுட்டீங்க."

"அது நம்ம மீன் இல்லப்பா."

"போட்டோ கேட்டாங்களே அக்கா" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் செய்தது சரி என்பதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று அந்த மோட்டார் அறையில்தான் தெரிந்துகொண்டேன்.

மறுபடி பிரேக்கில் கை வைத்து ஒரு மணி நேரம் ஆவதற்குள் அடுத்த போன். அந்தக் குடியிருப்பின் செயலாளர். ஐ.டி. கம்பெனியில் பெரிய வேலையில் இருப்பவர், கோயம்புத்தூர்க்காரர், மரியாதை தப்பாமல் பேசுவார். அன்றும் தப்பவில்லை.

"மேடம், ரிப்போர்ட்டர் எங்கிட்ட கேக்குற கேள்வியைப் பாத்தா நீங்க ஏதோ சொல்லியிருக்கீங்கன்னு தோணுதுங்க."

"எந்த பில்டிங்குக்கும் கேக்க வேண்டிய கேள்விங்க அது. எப்பவோ எழுதிக் குடுத்தேன். உங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. அவங்களையே கேட்டுக்கோங்க" என்றேன்.

அவர் நம்பினார். நம்பியதுதான் வம்பாகிவிட்டது. "அப்படின்னா நீங்களே பேசிருங்களேன். எங்க பர்மிஷனோட. லிஃப்ட் எல்லாம் செக் பண்ணியாச்சு, மெயின்டெனன்ஸ் எல்லாம் சரியா இருக்கு, செக்யூரிட்டி சொல் பேச்சு கேக்காம கதவைத் திறந்ததாலதான் இப்படி ஆச்சுன்னு. நீங்க சொன்னா எடுபடுங்க. உங்க பேரும் வரும். அந்த ஆளை எப்படியும் இன்னைக்கு அனுப்பிடப் போறோம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இரண்டு வருடமாக நான் ஏங்கிய இரண்டு பத்தியும் போட்டோவும் மறுபடி என் கைக்கே வந்திருந்தன, இந்த முறை அனுமதியோடு. அதற்கு விலையாக ஒரு மனிதனின் வேலையை எடுத்து அவர்கள் கையில் கொடுத்தால் போதும். டீச்சரின் கையைப் பிடித்து இழுத்த அதே மனிதன்.

"பேசறேன் சார்" என்றேன். "நீங்க பர்மிஷன் குடுத்தா முழுசா பேசறேன். பேட்டரியைப் பத்தி நான் உங்க ரூம்ல சொன்னது, சாவியைப் பத்திச் சொன்னது, நீங்க பாக்குறோம்னு சொன்னது, எல்லாத்தையும் சேத்து. பாதி பேச மாட்டேன். அந்த ஆளுக்கு யாரு பயிற்சி குடுத்தாங்கன்னு ரிப்போர்ட்டர் கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"அதெல்லாம் இப்ப எதுக்குங்க?" என்றார்.

"அவரு சாவியைத் திருடிட்டுப் போய்த் திறக்கல சார். நீங்க மேசையில மாட்டி வெச்சீங்க, உள்ள ஒரு பொம்பள கத்துனாங்க, அவரு திறந்தாரு. உங்க எடத்துல நான் இருந்தா, அவரை அனுப்ப மாட்டேன். இன்னைக்கே ரெசிடென்ட்ஸ்கிட்ட உண்மையை நானே சொல்லிடுவேன். ரிப்போர்ட்டர் வாயால கேக்குறதை விட உங்க வாயால கேட்டா அவங்க கோவம் பாதியா குறையும்."

"யோசிக்கிறேங்க" என்று வைத்துவிட்டார். பார்ட்னர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் கிளையண்டும் போச்சு" என்றார். போகட்டும் என்றேன். பிறகு இருவரும் பிரேக் சோதனையை முடித்தோம்.

மாலை அந்தப் பெரியவர் கூப்பிட்டார். அவரிடமிருந்து எனக்கு வந்த முதல் போன் அது. "ஏம்மா, என் நம்பரை நீயா குடுத்தே?" என்றார். ஆமாம் என்றேன். "ஏன் குடுத்தே?" என்றார். என்னால் அங்கே பேச முடியாது, உங்களால் பேச முடியும், வேலை தெரிந்த ஆள் பேசட்டும் என்றேன். அவர் உறுமியது நன்றியா வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. "சரி, அந்த செக்யூரிட்டி விஷயத்தைச் சொல்லிட்டேன். பாவம் அந்த ஆளு" என்று சொல்லி வைத்தார்.

மறுநாள் செய்தி வந்தது. முதல் முறையாக ஒரு லிஃப்ட் செய்தியில் கயிறு அறுபடவில்லை. பெரியவரின் போட்டோ பெரிதாக இருந்தது; கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, எனக்குப் பிடிக்காத அந்தத் தலைக்கனச் சிரிப்போடு. அவர் சொன்னது எல்லாம் சரியாக இருந்தது. உள்ளேயே இருங்கள், இறங்காதீர்கள் என்பது கட்டம் கட்டி வந்திருந்தது. காவலாளியைக் குறை சொல்வது தவறு, பயிற்சி இல்லாதவர் கையில் சாவியைக் கொடுத்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று அவர் சொன்னது தனிப் பத்தியாக இருந்தது. வெளியாளின் சோதனை நடந்திருந்தது என்றும் அதில் சொல்லப்பட்டவை செய்யப்படவில்லை என்றும் செயலாளரே ஒப்புக்கொண்டிருந்தார். என் பெயர் எங்கும் இல்லை. இரண்டு முறை படித்தேன். பெரியவரின் போனுக்கு அன்று ஓய்வே இருந்திருக்காது என்று நினைக்கும்போது காபி கசந்தது. கணவர் இன்னொரு காபி போட்டுக் கொடுத்தார்.

அடுத்த வாரம் செயலாளர் மெயில் அனுப்பினார். பேட்டரி மாற்றியாகிவிட்டது, மறுபடி சோதித்துக் கொடுக்க வேண்டும், காவலாளிகளுக்குப் பயிற்சியும் நீங்களே கொடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். பெரியவரைக் கூப்பிடலாமே என்று எழுதினேன், சும்மா வம்புக்கு. "அன்னைக்கு எங்களைப் பத்தி எல்லாம் தெரிஞ்சும் பேசாம இருந்தது நீங்கதானுங்க" என்று பதில் வந்தது. பார்ட்னர் அதைச் சத்தம் போட்டுப் படித்தார். மீன் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

நான் போன அன்று வாசலில் ஒரு காவலாளி வண்டியை நிறுத்தினார். நடுத்தர வயது, ஒல்லி. பெயரும் நேரமும் குறித்துக்கொண்டு, எந்த பிளாக் என்று கன்னடத்தில் கேட்டார். லிஃப்ட் பார்க்க வந்திருக்கிறேன் என்றேன். என் கன்னடத்திலேயே என்னைக் கண்டுபிடித்துவிட்டார் போலிருக்கிறது, தமிழுக்கு மாறினார். சந்தாபுராவில் குடியிருக்கிறாராம்.

"லிஃப்ட் ஆளுங்களா மேடம்? அன்னைக்கு அந்தக் கதவைத் தொறந்தது நான்தான்" என்றார். நான் கேட்காமலே சொன்னார். பிறகு சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்துப் பிரித்தார். பெரியவரின் சிரிப்பு நடுவில் மடிப்பு விழுந்து இருந்தது.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது. என் பொண்ணு படிச்சுச் சொல்லுச்சு. என் மேல தப்பில்லைன்னு பேப்பர்லயே சொல்லியிருக்காரு இவரு. கதவைத் தொறந்த மறுநாள் யூனிபார்மைக் கழட்டிக் குடுத்துட்டுப் போன்னுட்டாங்க. அதுக்கு அடுத்த நாள் இது வந்துச்சு, திரும்பக் கூப்பிட்டாங்க. யாருன்னே தெரியாது, என்னைப் பாத்தது கூட இல்ல. இப்படி ஒரு மனுஷன்." துண்டை மறுபடி மடித்துப் பைக்குள் வைத்தார். "நீங்களும் லிஃப்ட் லைன்தானே. இவரைத் தெரியுமா மேடம்?"

தெரியும் என்றேன்.

"பாத்தா சொல்லுங்க. நான் ரொம்ப நன்றி சொன்னேன்னு."

சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நாக்கு துடித்தது. அவருடைய முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்துக்கு என் பெயர் எந்த விதத்திலும் தேவைப்படவில்லை. இரண்டு வருடமாக நான் துரத்திய பெயர்.

"சொல்றேங்க" என்றேன். பெரியவரை அங்கேயே கூப்பிட்டு, போனைக் காவலாளியின் கையில் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினார். பேசி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைத் திருப்பிக் கொடுத்தபோது, "அவரு உங்களைக் கேட்டாரு மேடம்" என்றார்.

காதில் வைத்தேன். "ஏம்மா" என்றார் பெரியவர். "அந்தக் கேள்வியெல்லாம் நீ எழுதுனதுதானாமே. ரிப்போர்ட்டர் சொன்னாங்க. நான் அவன்கிட்ட சொல்லட்டுமா?"

"வேண்டாம் சார்" என்றேன். "அவரை வேலைக்கு விடுங்க. இன்னைக்கு அவருக்கு கிளாஸ் இருக்கு."